ஒரு சிறு நூல் அச்சேற ஆகும் செலவு

(இளம் அறிவியல் கணிதம், இரண்டாம் ஆண்டு)

தமிழ் நூல் எதையேனும் கையில் எடுத்து அட்டையைப் புரட்டினால் உள்ளே ஒரு பக்கத்தில் நூலைப் பற்றிய விவரங்கள் இருக்கும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு ஆகியவற்றோடு தாள் 18.6 கி.கி., அளவு டெமி, எழுத்து 11 புள்ளி, பக்கம் 96, படிகள் 500, கட்டமைப்பு தையல் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். நம்மில் பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிச் செல்லும் பக்கம் அது. ஆனால் அந்த நூலுக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய குறிப்புகள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதுதான் இக்கட்டுரை.

இதில் எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் நடவுப் பெண்கள் பாடும் பாட்டுகளை இரண்டு ஆண்டுகளாக எழுதி வைத்து வருகிறேன். முன்னின்று பாடுபவர் என் அப்பாயி. நடவு இயந்திரம் வந்த வயல்களில் பாட்டு இல்லை. பாடத் தெரிந்தவர்களும் ஆண்டுக்கு ஒருவர் இருவராகக் குறைகிறார்கள். இவற்றை நூலாக்க வேண்டுமானால் பணம் வேண்டும். எங்கள் வீட்டில் முப்பதாயிரம் ரூபாய் என்றால் ஒரு நகை அடகுக்குப் போகவேண்டும். ஆகவே ‘சுமாராக இவ்வளவு ஆகும்’ என்னும் பேச்சு எனக்குப் போதவில்லை. எந்தச் செலவு எதனால் வருகிறது, எதைக் குறைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியவேண்டும்.

கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் கணக்கு விளங்குவதற்காக நான் முழு எண்களாக எடுத்துக்கொண்ட விகிதங்கள். வரியும் அவற்றுள் அடக்கம். அச்சிட்ட புத்தகத்தை விற்கும்போது ஜி.எஸ்.டி. கிடையாது, தாளுக்கும் அச்சுக் கூலிக்கும் உண்டு. தாமே வெளியிடுபவர் கொடுத்த வரியைத் திரும்பப் பெற வழியில்லை. அது செலவோடு செலவாகச் சேர்ந்துவிடும். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் விகிதம் மாறலாம். மாறாதது கணக்கின் அமைப்பு.

முதலில் தாளைப் பார்ப்போம். 18.6 கி.கி. என்பது நூலின் எடை அன்று. ஐந்நூறு முழுத் தாள் கொண்ட ஒரு ரீமின் எடை. டபுள் டெமி எனப்படும் முழுத் தாள் 58.5 செ.மீ. அகலமும் 91 செ.மீ. நீளமும் உடையது. பரப்பு 0.532 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள மேப்லித்தோ தாளாக இருந்தால் ஒரு தாள் 37.2 கிராம், ஐந்நூறு தாளுக்கு 18.6 கிலோ. இதே அளவில் 60 கிராம் தாள் என்றால் ரீம் 16 கிலோதான் வரும். ஆகவே 18.6 என்று போட்டிருப்பவர் 70 கிராம் தாளில் அச்சிட்டிருக்கிறார் என்று அறியலாம்.

இந்த முழுத் தாளை அகலவாக்கில் நான்காகவும் நீளவாக்கில் நான்காகவும் மடித்தால் பதினாறு ஏடுகள் கிடைக்கும். இருபுறமும் சேர்த்து 32 பக்கம். ஓரம் வெட்டியபின் ஏறக்குறைய 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். இதுவே டெமி அளவு நூல். அச்சகத்தில் பாதித் தாளைத்தான் எந்திரத்தில் ஏற்றுகிறார்கள். பாதித் தாளில் 16 பக்கம் அடங்கும்; அதற்குப் பெயர் ஒரு பாரம். அச்சகத்தார் பக்கக் கணக்கில் சிந்திப்பதில்லை, பாரக் கணக்கில்தான் சிந்திக்கிறார்கள். நாமும் அப்படியே சிந்திக்கப் பழகினால் பாதி மதிப்பீடு முடிந்தது.

96 பக்கம் என்பது ஆறு பாரம். 98 பக்கம் என்பது ஆறு பாரமும் இரண்டு பக்கமும். அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு முறை பிளேட் செய்து, எந்திரத்தை நிறுத்தித் துடைத்து, மீண்டும் ஓட்டவேண்டும். முழுப் பாரமாக இல்லாமல் அரைப் பாரம், கால் பாரம் என்றும் ஓட்டுவார்கள். ஆனால் வேலை பாதியாகக் குறைவதில்லை. கணிதத்தில் படிச்சார்பு என்று படிக்கிறோமே, ஒரு மட்டத்தில் நெடுக ஓடி, திடீரென்று ஒரு படி ஏறி, மறுபடி நெடுக ஓடுவது, அச்சுச் செலவு அந்த வகையைச் சேர்ந்தது. 81 பக்கத்திலிருந்து 96 பக்கம் வரை ஏறக்குறைய ஒரே செலவு. 97இல் படி ஏறிவிடும்.

எழுத்தின் அளவு இங்கேதான் பணமாக மாறுகிறது. நம் காவிரிக் கழிமுகத்திலேயே இதற்கு முந்நூறு ஆண்டு பழமையான எடுத்துக்காட்டு உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட முனைந்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. அந்த எழுத்தில் முழு நூலையும் கோத்தால் கையிலிருந்த தாள் போதாது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். ஈயம் வேண்டியிருந்ததால் இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டையும் உருக்கிப் பயன்படுத்தினார்கள் என்பர். 1714இல் நற்செய்திப் பகுதி வெளிவந்தது. 1715இல் முழுப் புதிய ஏற்பாடும் முடிந்தது. தாளுக்காகப் பக்கத்துப் பொறையாற்றில் ஓர் ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். எழுத்தைச் சிறிதாக்கித் தாளை மிச்சப்படுத்துவது என்ற அந்தக் கணக்கைத்தான் இன்று கணிப்பொறி முன் அமர்ந்து நாமும் போடுகிறோம்.

என் கையெழுத்துப் படியில் பாட்டு வரிகள் எல்லாம் சேர்த்து 2,700. பாட்டு நூலுக்குச் சொற்களை எண்ணிப் பயனில்லை, வரியைத்தான் எண்ணவேண்டும். ஏனென்றால் வரி சிறிதானாலும் அது ஒரு வரியின் இடத்தை எடுத்துக்கொள்ளும். டெமி பக்கத்தில் ஓரங்கள் போக எழுத்து நிற்கும் உயரம் 17 செ.மீ.; அதாவது சுமார் 482 புள்ளி. 12 புள்ளி எழுத்தை 16 புள்ளி இடைவெளியில் அமைத்தால் பக்கத்துக்கு 30 வரி. 11 புள்ளி எழுத்தை 14 புள்ளி இடைவெளியில் அமைத்தால் 34 வரி. முன்னதில் பாட்டுக்கு மட்டும் 90 பக்கம். பின்னதில் 80 பக்கம். முகப்பு, முன்னுரை, பொருளடக்கம், பாடியவர்களைப் பற்றிய குறிப்பு, வட்டாரச் சொல் அகராதி ஆகியவற்றுக்கு 16 பக்கம் வேண்டும். ஆக 12 புள்ளியில் 106 பக்கம், ஏழு பாரம், அதிலும் ஆறு பக்கம் வெற்றாக நிற்கும். 11 புள்ளியில் மிகச் சரியாக 96 பக்கம், ஆறு பாரம். கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாத ஒரு புள்ளி, 500 படிகளுக்கு ஏறத்தாழ 2,550 ரூபாய் பெறும்: பிளேட்டுக்கு 500, ஓட்டுக் கூலி 700, தாள் 1,000, பக்கம் அமைக்கும் கூலி 350. தையல் கூலியில் வரும் சில்லறையை விட்டுவிட்டேன். ஒவ்வொரு பாட்டையும் புதுப் பக்கத்தில் தொடங்கினால் அழகாகத்தான் இருக்கும். அந்த அழகுக்கு எனக்கு வசதியில்லை. பாட்டு முடிந்த இடத்தில் ஒரு வரி விட்டு அடுத்ததைத் தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறேன்.

இனி செலவை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். எத்தனை படி அச்சிட்டாலும் மாறாத செலவு ஒன்று. படிக்குப் படி கூடும் செலவு மற்றொன்று. பிரிக்காமல் மொத்தமாக ‘ஒரு புத்தகம் என்ன ஆகும்?’ என்று அச்சகத்தில் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது.

மாறாத செலவில் முதலாவது தட்டச்சும் பக்க அமைப்பும். பக்கத்துக்கு 35 ரூபாய் வீதம் 3,360. நாமே ஒருங்குறியில் தட்டிக் கொடுத்தால் குறையும். ஆனால் அச்சகம் பழைய குறியீட்டு எழுத்துருவில் வேலை செய்தால் மாற்றும்போது சில எழுத்துகள் சிதறும். கொம்பும் காலும் இருபுறம் வரும் ‘கொ’, ‘கோ’ போன்றவையும், மேற்கோள் குறிகளும், சிறுகோடும் அடிபடும் இடங்கள். மெய்ப்பு பார்ப்பவர் முதலில் இவற்றைத் தேடிப் பார்க்கவேண்டும். மெய்ப்பை நானும் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரும் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குக் கூலி இல்லை, படி எடுக்க மட்டும் 400. அட்டை வடிவமைப்புக்கு 2,500. உள்பக்கங்களுக்கு ஒரு பாரத்துக்கு முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரண்டு பிளேட். ஆறு பாரத்துக்குப் பன்னிரண்டு. பிளேட் 250 வீதம் 3,000.

ஓட்டுக் கூலியை ஏன் மாறாத செலவில் சேர்க்கிறேன் என்று கேட்கலாம். ஆப்செட் எந்திரத்தில் ஆயிரம் ஓட்டம் என்பதே கூலியின் அலகு. ஐந்நூறு ஓட்டினாலும் ஆயிரத்துக்கான கூலி கொடுக்கவேண்டும். பிளேட்டை மாட்டி, மையும் நீரும் சமநிலைக்கு வரும்வரை ஓட்டிச் சரி செய்வதில்தான் நேரம் போகிறது. அதன்பின் ஐந்நூறோ ஆயிரமோ சில நிமிட வேறுபாடுதான். பன்னிரண்டு பிளேட்டுக்கு 350 வீதம் 4,200. நான்கு வண்ண அட்டைக்கு நான்கு பிளேட், ஒவ்வொன்றுக்கும் செய்கூலியும் ஓட்டுக் கூலியும் சேர்த்து 700 வீதம் 2,800. கட்டி ஏற்றி இறக்க 740. (கூட்டல் முழு எண்ணாக வரவேண்டும் என்பதற்காக 740 என்று வைத்துக்கொண்டேன், ஆசிரியர்கள் பொறுத்தருள்க.) ஆக மாறாத செலவு 17,000 ரூபாய்.

படிக்குப் படி கூடும் செலவு மூன்றே. ஒரு படிக்கு மூன்று முழுத் தாள். எந்திரத்தைச் சரி செய்யும்போது கெடும் தாளுக்காக நூற்றுக்கு எட்டு சேர்த்தால் 3.24 தாள், எடை 120 கிராம். கிலோ 100 ரூபாய் என்றால் 12 ரூபாய். அட்டைக்கான கனத்த ஆர்ட் கார்டும் மேலே ஒட்டும் லேமினேஷனும் 5 ரூபாய். நூல் கொண்டு தைத்துக் கட்ட 14 ரூபாய். கூட்டினால் 31. பசை மட்டும் தடவும் கட்டு என்றால் 8 ரூபாயில் முடியும். ஆனால் அதில் பாரத்தின் மடிப்பையே வெட்டித் தள்ளிவிட்டுத் தனித்தனி ஏடுகளாகப் பசையில் நிறுத்துகிறார்கள். நன்றாக விரித்துப் படித்தால், அல்லது பசை சரியாகச் சூடேறாமல் இருந்தால், ஏடு கழன்று கையோடு வரும். பாடுவதற்காகத் திறந்து தரையில் வைக்கப்படும் நூலுக்கு நான் தையலைத்தான் தேர்ந்தேன். ஆறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தகுந்த இடம் இது ஒன்றே என்பது என் கருத்து.

இப்போது சூத்திரம் எளிதாகிவிட்டது.

மொத்தச் செலவு = 17,000 + 31 × படிகள்

100 படிக்கு 20,100. அதாவது படி ஒன்று 201 ரூபாய். 300 படிக்கு 26,300. படி ஒன்று சுமார் 88. 500 படிக்கு 32,500. படி ஒன்று 65. 1,000 படிக்கு 48,000. படி ஒன்று 48 ரூபாய்தான்.

இந்தக் கடைசி எண்தான் ஆளை மயக்குவது. நான் விசாரிக்கச் சென்ற ஓர் அச்சகத்தில், “தம்பி, ஐந்நூறுக்குப் போடுற காசுக்குக் கொஞ்சம் மேல போட்டா ஆயிரமே வந்துடும். ஆயிரமா அடிச்சுடுங்க” என்றார் உரிமையாளர். அவர் சொன்னதில் பொய் இல்லை. இரண்டாவது ஐந்நூறு உண்மையிலேயே படிக்கு 31 ரூபாயில் கிடைக்கிறது. ஆனால் அச்சடித்த படிகளால் வகுக்காமல் விற்ற படிகளால் வகுத்துப் பாருங்கள். 300 படிதான் விற்கும் என்று வைத்துக்கொண்டால், 1,000 அச்சிட்டவருக்கு விற்ற படி ஒன்றுக்கு 160 ரூபாய் செலவு. 500 அச்சிட்டவருக்கு 108. 300 அச்சிட்டவருக்கு 88. மலிவாகத் தோன்றிய ஆயிரம்தான் மூன்றிலும் அதிகச் செலவு. மீதி எழுநூறு படிகள் வீட்டில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். கழிமுகத்து ஐப்பசி மழைக்கும் செல்லுக்கும் எலிக்கும் இலக்கிய ரசனை கிடையாது.

மிகச் சில படிகள் போதும் என்பவருக்கு வேறு வழி உண்டு. டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது. வேண்டிய எண்ணிக்கை மட்டும் எடுக்கலாம். தட்டச்சு, மெய்ப்பு, அட்டை வடிவமைப்பு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து மாறாத செலவு 6,500 என்றும், படிக்கு 80 என்றும் கொள்வோம். இரண்டு முறைக்கும் செலவு சமமாகும் இடத்தைக் காண 17,000 + 31ப = 6,500 + 80ப என்று எழுதினால் ப = 214. ஆக இந்த விகிதங்களில் 214 படிக்குக் கீழே டிஜிட்டல், மேலே ஆப்செட். நம் உயர்நிலைப் பள்ளியில் படித்த இரண்டு நேர்கோடுகள் வெட்டும் புள்ளிதான். இதைப் போடாமலே பலர் எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள்.

அட்டையைப் பற்றிச் சில சொற்கள். அட்டை என்பது முன் அட்டை மட்டும் அன்று. முன், பின், முதுகு மூன்றும் ஒரே விரிப்பாக வரையப்படவேண்டும். முதுகின் பருமன் தெரியாமல் வடிவமைப்பாளர் வேலையைத் தொடங்கவே முடியாது. அதே தாளில் அச்சான பழைய நூல் ஒன்றின் 48 ஏடுகளைச் சேர்த்துப் பிடித்து நம் இயற்பியல் ஆய்வகத்துத் திருகு அளவியால் அளந்தால் போதும்; நாலரை மில்லிமீட்டர் அளவில் வரும். அதில் பெரிய எழுத்துக்கு இடமில்லை. வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க, படம் நான்கு புறமும் 3 மி.மீ. கூடுதலாக நீண்டிருக்கவேண்டும். தமிழுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. கரும் பல்வண்ணப் பின்னணியில் வெள்ளையாகச் சிறிய எழுத்து வைத்தால், நான்கு வண்ணமும் மயிரிழை விலகினாலும் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளிதான். ‘நடவுப் பாட்டு’ என்பது ‘நடவுப பாடடு’ ஆகிவிடும். கணிப்பொறித் திரையில் இது ஒருபோதும் தெரியாது. ஆகவே தலைப்பைக் கருப்பில், தனி ஒரே பிளேட்டில் அமைக்கச் சொல்வதே பாதுகாப்பு. பல்வண்ணத்தை விட்டு ஒரே வண்ணத்தில் அட்டை போட்டால் 2,800க்குப் பதில் 700தான் ஆகும். கடையில் வைத்து விற்கும் எண்ணமில்லாத நூலுக்கு அது தாழ்வு அன்று.

அச்சாகி வந்தபின் பார்க்கவேண்டியவை இரண்டு. கட்டுகளின் நடுவிலிருந்து சில படிகளை உருவி, பாரம் ஒன்று விடுபட்டோ இரட்டித்தோ இருக்கிறதா என்று பக்க எண்ணைத் தொடர்ந்து பார்ப்பது ஒன்று. மற்றொன்று எடை. 70 கிராம் தாளில் 48 ஏடுகள் சுமார் 101 கிராம். அட்டையோடு 120 கிராம். 60 கிராம் தாளில் மாற்றி அடித்திருந்தால் 105தான் வரும். ஒரு படியில் தெரியாது. பத்துப் படிகளை மளிகைக் கடைத் தராசில் வைத்தால் ஒரு கிலோ இருநூறா, ஒரு கிலோ ஐம்பதா என்று உடனே தெரிந்துவிடும்.

நூலுக்கு ஐ.எஸ்.பி.என். எண் வேண்டுமானால் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜாராம் மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது; தனி ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். இதற்குப் பணம் கேட்பவர் தம் உழைப்புக்குத்தான் கேட்கிறார், எண்ணுக்கு அன்று. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி நம் செலவில் அனுப்பவேண்டும். அந்த நான்கு படிகளோடு, பாடிய பெண்களுக்கு, மதிப்புரைக்கு, உதவிய ஆசிரியர்களுக்கு என்று எண்ணினால் என் கணக்கில் இலவசப் படிகள் 60. விற்பனைக்கு மிஞ்சுவது 440. பாடியவர்களுக்குப் படி கொடுப்பதைச் செலவு என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் கணக்கில் அது இருந்தாகவேண்டும்.

விலை 120 என்று வைத்தால் அந்த 120 நம் கைக்கு வருவதில்லை. கடைக்காரருக்கு நூற்றுக்கு 35 கழிவு என்றால் நமக்கு 78. அதில் பொதி அனுப்பும் செலவு படிக்கு ஐந்து போக 73. அதுவும் விற்றபின் தரும் முறையில்தான். மாதங்கள் ஆகும், விற்காதவை திரும்பி வரும். நேரில் 100 ரூபாய்க்குக் கொடுப்பது இதைவிட மேல். அஞ்சலில் கேட்பவருக்கு, 2025 மே மாதம் அஞ்சல் துறை தொடங்கிய ஞான் போஸ்ட் உதவும்: 300 கிராம் வரை வரி நீங்கலாக 20 ரூபாய். நம் நூல் 120 கிராம். உறையோடு இரண்டு படிகள் 300க்குள் அடங்கும். ஆகவே ஒன்றாக அனுப்புவதும் இரண்டாக அனுப்புவதும் ஒரே செலவு. கேட்பவரிடம் இதைச் சொன்னால் சிலராவது இரண்டாக வாங்குவர்.

நேரில் 200 படி, கடை வழி 150, அஞ்சலில் 50 என்று 400 விற்றால் 20,000, 10,950, 6,000 என மொத்தம் 36,950. செலவு 32,500 போக மிச்சம் 4,450. கடைகளிலிருந்து பணம் வராவிட்டால், பொதிச் செலவைத் தள்ளிப் பார்த்தாலே 6,500 ரூபாய் குறைகிறது. அடகு நகை மீளுமா என்பது அந்த 150 படிகளில் இருக்கிறது. நூலக ஆணை கிடைக்கும் என்று சிலர் தேற்றுகிறார்கள். கிடைத்தால் மகிழ்ச்சி, மதிப்பீட்டில் வரவுப் பக்கம் அதை எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

தஞ்சையில் இதே இக்கட்டை ஆபிரகாம் பண்டிதர் தம் வழியில் தீர்த்தார். ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரத்தை, தாமே இவ்வூரில் அமைத்த லாலி அச்சகத்தில் 1917இல் அச்சிட்டார். அச்சகமே வைக்க நம்மால் ஆகாது. நமக்கு ஏற்ற வழி கும்பகோணத்தில் இருக்கிறது. அங்குள்ள அரசு கல்லூரியில் 1880 முதல் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியை அச்சிட முற்பட்டபோது, நூலை வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் பெற்றார். விடுமுறைகளில் சென்னை சென்று மெய்ப்பு பார்த்தார். 1887இல் நூல் வெளிவந்தது. கையொப்பம் என்பது அக்காலத்துப் புத்தக வழக்கு. ஆனால் கணக்கு முறையில் பார்த்தால் அதன் நுட்பம் தெரிகிறது. வாங்குவோர் எண்ணிக்கை அச்சிடும் முன்பே தெரிந்துவிடுகிறது. எத்தனை படி என்ற கேள்விக்கு ஊகத்தால் விடை தேட வேண்டியதில்லை.

முன்பணமாக ஆளுக்கு 100 ரூபாய் என்று வைத்தால், மாறாத செலவு 17,000ஐ ஈடுகட்ட 170 கையொப்பம் வேண்டும். அதன்பின் எஞ்சியிருப்பது படிக்கு 31 ரூபாய் மட்டுமே. 170 பேர் சேர்ந்தால் 300 படிக்கு 9,300 ரூபாயும், 500 படிக்கு 15,500 ரூபாயும் கைப்பணம் போட்டால் போதும். முந்தையதற்கு நகை தேவைப்படாது. 60 இலவசப் படியும் 170 முன்பதிவும் போக மீதி 70 படியை நேரில் விற்றால் 7,000 வரும். 2,300 ரூபாய் என் கையைக் கடிக்கும். அது தாங்கக்கூடியது. அந்த அளவில் கடைகளை நம்பவும் வேண்டாம்.

இக்கட்டுரை எழுதும் நாளில் என் குறிப்பேட்டில் 112 பெயர்கள் இருக்கின்றன. நம் கல்லூரியில் 41, ஊரில் 38, நடவுப் பெண்களின் பிள்ளைகள் வெளியூரிலிருந்து அனுப்பியவை 33. முதல் இரண்டு பாரங்கள் மெய்ப்பு நிலையில் இருக்கின்றன. 170 நிறைவு பெற்றால் 300 படி. தை அறுவடைக்குள் 240ஐத் தாண்டினால் 500 படி என்று அச்சகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். குறிப்பேடு கணிதத் துறை ஆய்வறை மேசையில் இருக்கும். பெயரும் படி எண்ணிக்கையும் எழுதினால் போதும், பணம் பாரங்கள் அச்சேறும்போது தரலாம்.